அகலேசியா: பலூனா, ஹெல்லரா, போயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் சொல்வதற்கெல்லாம் உள்ளே தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. விழுங்கியது இரைப்பைக்குள் இறங்காமல் உணவுக்குழாயிலேயே தேங்கும் அகலேசியா என்ற நோய் வருடத்துக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புதிதாக வருகிறது. அதனால் சொந்தக்காரர்களில் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

"தண்ணி கூட இறங்க மாட்டேங்குது சிஸ்டர். இது அல்சர்தானே?"

இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு இறுக்குத் தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். தளரச் சொல்லும் நரம்பு செல்கள் அழிந்துபோவதுதான் அகலேசியா. கூடவே, உணவைக் கீழே தள்ளும் உணவுக்குழாயின் அலையசைவும் நின்றுவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் மதகு திறக்காமல் தேங்கி நிற்கிற நிலைமை. புண் எதுவும் இல்லாததால் அல்சர் மாத்திரை எத்தனை மாதம் போட்டாலும் பலன் இருக்காது.

ஒரு அடையாளத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு கேள்விக்கு அது தேவைப்படும். அகலேசியாவில் பெரும்பாலும் இட்லியும் அடைக்கும், தண்ணீரும் அடைக்கும். புற்றுநோயாலோ தழும்பாலோ குழாய் சுருங்கினால் முதலில் கெட்டியான உணவுதான் அடைக்கும், தண்ணீர் வெகுநாள் தடையில்லாமல் இறங்கும். தேங்கிய சோறு ராத்திரி படுத்ததும் மேலே வந்து இருமலைக் கிளப்பும். அந்த இருமலையும் எடை குறைவதையும் வைத்துச் சளிப் பரிசோதனை, டிபி பரிசோதனை என்று அலைந்த பிறகு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு.

"எண்டோஸ்கோப்பியில ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க. அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு டெஸ்ட்?"

எண்டோஸ்கோப்பி இங்கே முக்கியமாகப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். இரைப்பையின் மேல்பகுதியில் வரும் கட்டி அச்சு அசலாக அகலேசியா போலவே நடிக்கும். ஆரம்ப கட்ட அகலேசியா எண்டோஸ்கோப்பியில் பிடிபடாமலும் போகலாம். அதனால் "ஒண்ணுமில்லை" என்ற வரியோடு விசாரணை முடிந்துவிடாது.

இரண்டாவது பேரியம் எக்ஸ்ரே. நின்றபடி வெள்ளைக் கரைசலைக் குடித்து, 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுப்பார்கள். ஐந்தாவது நிமிடத்தில் குழாயில் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு மருந்து நிற்கிறது என்பது அளவு. சிகிச்சைக்குப் பிறகு இதே படத்தை எடுத்து ஒப்பிடுவார்கள், அதனால் பழைய பிலிமைப் பத்திரமாக வைத்திருங்கள். மூன்றாவது மானோமெட்ரி. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கி, சின்னச் சின்ன மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உள்ளே உள்ள அழுத்தத்தைப் பதிவு செய்வார்கள். அசௌகரியம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வகை என்று சொல்வது இந்த டெஸ்ட் ஒன்றுதான்.

டைப் 1-ல் குழாய் அசைவே இல்லாமல் கிடக்கும். டைப் 2-ல் விழுங்கும்போது குழாய் முழுக்க ஒரே சீராக அழுத்தம் ஏறும். டைப் 3-ல் குழாயின் கீழ்ப்பகுதி தாறுமாறாக இழுத்துப் பிடிக்கும், நெஞ்சுவலி அதிகம் இருக்கும். சிகிச்சைக்கு மிக நன்றாகப் பணிவது டைப் 2, அடங்காதது டைப் 3. வகை தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

"மாத்திரையிலயே சரி பண்ண முடியாதா? ஊசி போட்டா போதும்னு ஒருத்தர் சொன்னாரே?"

செத்துப்போன நரம்பு செல்களை மீட்கும் மருந்து கிடையாது. இறுக்குத் தசையைக் கொஞ்சம் தளர்த்தும் மாத்திரைகள் உண்டு, நிஃபெடிபின் மாதிரி. பலன் குறைவு, தலைவலியும் தலைசுற்றலும் அதிகம். ஊசி என்று அவர் சொன்னது போடாக்ஸ். எண்டோஸ்கோப்பி வழியாக இறுக்குத் தசையில் போடுவார்கள். உடனே நிம்மதி தரும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தேய்ந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து, பிறகு வரும் அறுவை சிகிச்சை சிக்கலாகிறது. அதனால் இளவயதுக்காரர்களுக்கு இதைப் போடுவதில்லை. யாருக்குப் போடலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

நிலைத்த பலன் தருபவை மூன்றுதான்: பலூன், ஹெல்லர், போயம். மூன்றுமே இறுக்குத் தசையைத்தான் உடைக்கின்றன அல்லது வெட்டுகின்றன. நின்றுபோன அலையசைவு பெரும்பாலும் திரும்புவதில்லை. சிகிச்சைக்குப் பிறகும் சாப்பாடு தன் எடையாலும் குடிக்கும் தண்ணீராலும்தான் இறங்கும்.

"பலூன்னா ஆஞ்சியோவுல வைக்கிற மாதிரியா? உள்ளயே விட்டுடுவாங்களா?"

உள்ளே எதையும் விடுவதில்லை. ஊதி, பிறகு காற்றை இறக்கி, வெளியே எடுத்துவிடுவார்கள். இந்தப் பலூன் இதயத்துக்குப் போவதைவிடப் பல மடங்கு பெரிது: 30, 35, 40 மில்லிமீட்டர் விட்டம். எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இறுக்குத் தசையின் நடுவில் வைத்து ஊதுவார்கள். முதலில் பலூனின் இடுப்பில் ஒரு குறுகல் தெரியும். அந்தக் குறுகல் மறைந்தால் தசைநார்கள் கிழிந்துவிட்டன என்று அர்த்தம். சுமார் ஒரு நிமிடம் அப்படியே பிடித்துவிட்டு இறக்குவார்கள்.

30-ல் ஆரம்பித்து, சில வாரம் கழித்து 35, தேவைப்பட்டால் 40 என்று ஏற்றுவதுதான் முறை. அதாவது பலூன் என்றாலே ஒன்றுக்கு மேற்பட்ட முறை வர வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சில வருடம் கழித்துத் திரும்பவும் தேவைப்படலாம். நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஆண்களுக்குப் பலூன் கொஞ்சம் சரியாகப் பிடிப்பதில்லை.

"பலூன்ல குழாய் ஓட்டையாயிடும்னு பயமுறுத்துறாங்க. நிஜமா?"

நடக்கக்கூடியதுதான். நூறில் இரண்டு முதல் நான்கு பேருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐரோப்பாவில் பலூனையும் ஹெல்லரையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், ஆரம்பத்தில் நேரடியாக 35-ல் தொடங்கினார்கள். முதல் 13 பேரில் 4 பேருக்கு ஓட்டை விழுந்தது. உடனே முறையை மாற்றி 30-லிருந்து தொடங்கினார்கள், ஆபத்து சரிந்தது. "ஒரே தடவையில பெருசா ஊதிடச் சொல்லுங்க சிஸ்டர், மறுபடி பஸ் ஏறி வர முடியாது" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கணக்குதான்.

ஊதியதும் சில மணி நேரம் கவனித்து, சந்தேகம் இருந்தால் கரைசல் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு கூடிக்கொண்டே போகும் நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற காற்று, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. எதையும் சாப்பிடாமல் அதே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் கிளிப் போட்டோ, சின்ன அறுவை சிகிச்சை செய்தோ சரிசெய்யலாம். ஒரு நாள் தாமதித்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

"ஹெல்லர் ஆபரேஷன்னா வயித்தைக் கிழிக்கணுமா?"

எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற ஜெர்மானிய அறுவை சிகிச்சை மருத்துவர் 1913-ல் செய்தபோது கிழிக்கத்தான் வேண்டியிருந்தது. இன்று வயிற்றில் சில சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் முடித்துவிடுகிறார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கும், அதைத் தொடர்ந்து இரைப்பையில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கும் வெளித்தசையை மட்டும் நீளவாக்கில் வெட்டுவார்கள். உள்ளே உள்ள மெல்லிய சவ்வு கிழியக் கூடாது. கிழிந்தால் அப்போதே தைத்துவிடுவார்கள்.

வெட்டியதோடு நிறுத்தினால் இரைப்பை அமிலம் தாராளமாக மேலே வரும். அதனால் இரைப்பையின் மேல்பகுதியைக் கொஞ்சம் இழுத்துக் குழாயின் மேல் பாதிச் சுற்றாகப் போர்த்தித் தைப்பார்கள். முன்பக்கம் போர்த்தினால் டோர், பின்பக்கம் போர்த்தினால் டூபே. இந்தப் போர்வையின் மதிப்பு அமெரிக்காவில் 2004-ல் வந்த ஒரு ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. ஹெல்லர் மட்டும் செய்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அளவுக்கு மீறிய அமிலம் ஏறியது. டோர் போர்வையும் சேர்த்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. முழுச் சுற்றாகப் போர்த்தினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அகலேசியாவில் தள்ளும் சக்தி இல்லை என்பதால் முழுச் சுற்று மறுபடி அடைப்பாகிவிடும்.

"போயம்னா வாய் வழியாவே ஆபரேஷனா? தழும்பே இருக்காதா?"

ஆமாம். ஜப்பானில் ஹருஹிரோ இனோவே என்பவர் 2008-ல் முதன்முதலாக மனிதர்களுக்குச் செய்தார். முழு மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப்பை உணவுக்குழாய்க்குள் விட்டு, உள்சவ்வில் ஒரு சின்ன வெட்டுப் போடுவார்கள். அந்த வாசல் வழியாகச் சவ்வுக்கும் தசைக்கும் நடுவே ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டே இரைப்பை வரை போய், உள்ளிருந்தபடியே தசையை வெட்டுவார்கள். திரும்பி வரும்போது வாசலைக் கிளிப்புகளால் மூடிவிடுவார்கள். வாசலும் வெட்டிய இடமும் ஒன்றின்மேல் ஒன்று இல்லாததால்தான் உணவு நெஞ்சுக்குள் கசிவதில்லை.

இதில் இருக்கும் பெரிய வசதி, வெட்டை எவ்வளவு மேலே வேண்டுமானாலும் நீட்டலாம். வயிற்று வழியாகப் போகும் ஹெல்லரில் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. குழாயின் பாதிவரை இழுத்துப் பிடிக்கும் டைப் 3-க்கு இதனால்தான் போயம் முதல் தேர்வு. இல்லாதது போர்வை. ஹெல்லரில் வெட்டிய கையோடு போர்த்துகிறார்கள், போயத்தில் வெட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் அமிலப் பிரச்சினையின் வேர் இங்கேதான்.

பெரிய சிக்கல்கள் குறைவு. ஊதும் கார்பன் டை ஆக்ஸைடு வயிற்றிலோ கழுத்துத் தோலுக்கடியிலோ தங்கி உப்பலாம், அது தானாக வடியும். நான் கறாராக இருக்கும் விஷயம் ஒன்று: டாக்டர் எழுதிக்கொடுத்தபடி முன்கூட்டியே நீராகாரத்துக்கு மாறியே ஆக வேண்டும். ராத்திரி பத்து மணியிலிருந்து பட்டினி என்ற சாதாரணக் கணக்கு அகலேசியாவுக்குப் பொருந்தாது. முந்தாநாள் சாப்பிட்ட சோறே குழாயில் கிடக்கும், மயக்கம் கொடுக்கும்போது அது நுரையீரலுக்குப் போகும்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. மூணுல எதுல நல்லா சாப்பிட முடியும்?"

விழுங்குவதை மட்டும் பார்த்தால், கைதேர்ந்தவர் செய்தால் மூன்றும் நெருங்கித்தான் வருகின்றன. மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் இரண்டு வருட முடிவில் பலூன் குழுவில் 86 சதவீதமும் ஹெல்லர் குழுவில் 90 சதவீதமும் நன்றாக இருந்தார்கள். ஐந்து வருடத்தில் 82, 84. ஆனால் பலூன் குழுவில் நான்கில் ஒருவருக்கு நடுவில் மறுபடியும் ஊத வேண்டியிருந்தது. போயத்தையும் ஹெல்லரையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில் இரண்டு வருடத்தில் 83, 82 சதவீதம். கிட்டத்தட்ட சமம்.

அதே வருடம் போயத்தைப் பலூனோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில் 92-க்கு 54 என்று போயம் எங்கோ முன்னால் நின்றது. இதைக் காட்டி "பலூன் வேஸ்ட்" என்று சொல்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அங்கே 30, 35 இரண்டோடு நிறுத்திவிட்டார்கள், அதன்பின் அடைத்தால் தோல்வி என்று கணக்கு. தேவைப்படும்போது திரும்ப ஊதலாம் என்று அனுமதித்த ஆய்வில் பலூனின் மதிப்பெண் உயர்ந்தது. எனவே பலூன் மோசம் என்பதைவிட, பலூன் ஒருமுறையோடு முடிகிற வேலை இல்லை என்று எடுத்துக்கொள்வதே சரி.

"அப்போ எதுல நெஞ்சுக்கரிப்பு அதிகம் வரும்?"

வித்தியாசம் தெளிவாகத் தெரிவது இங்கேதான். போயம்-ஹெல்லர் ஆய்வில் மூன்றாவது மாதம் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். அமிலத்தால் குழாய் புண்ணாகியிருந்தவர்கள் போயத்தில் 57 சதவீதம், போர்வையோடு செய்த ஹெல்லரில் 20 சதவீதம். இரண்டு வருடத்தில் 44-க்கு 29. பலூனோடு ஒப்பிட்ட ஆய்வில் போயத்தில் 41, பலூனில் 7. ஆக அமிலத்தை மட்டும் பார்த்தால் பலூன் குறைவு, ஹெல்லர் நடுவில், போயம் அதிகம்.

பயந்துவிட வேண்டாம். அந்தப் புண்களில் பெரும்பாலானவை லேசானவை, மாத்திரைக்கு ஆறுபவை. ஆனால் லேசானதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. சாதாரண ஆளுக்கு அமிலம் மேலே வந்தால் உணவுக்குழாய் ஒரு அலை எழுப்பிக் கீழே தள்ளிவிடும். அகலேசியாக்காரர்களுக்கு அந்த அலை கிடையாது. வந்த அமிலம் அங்கேயே நிற்கும், அதுவும் படுத்திருக்கும்போது மணிக்கணக்கில்.

"எனக்கு முன்னாடியே எதுக்களிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

வேறு வேறு. சிகிச்சைக்கு முன் மேலே வந்தது இரைப்பைக்கே போகாத சோறு. சாப்பிட்ட ருசியிலேயே, செரிக்காமல், நுரையோடு வரும். புளித்த வாடை இருந்தால் அது தேங்கி நொதித்ததால். சிகிச்சைக்குப் பிறகு வருவது இரைப்பைக்குள் போய்விட்டுத் திரும்பும் அமிலம். புளிப்பும் கசப்புமாக, நெஞ்சில் எரிச்சலோடு வரும்.

முன்னதற்கு அமில மாத்திரை பயன்படாது, பின்னதற்கு அதுதான் மருந்து. எனவே "அந்த மாத்திரை எனக்கு எப்பவுமே கேட்டதில்லை" என்ற பழைய அனுபவத்தைப் புதிய நிலைமைக்குக் கொண்டுவராதீர்கள்.

"போயம் பண்ணி எனக்கு எரிச்சலே இல்லை. மாத்திரையை நிறுத்திட்டேன். சரிதானே?"

எரிச்சல் இல்லாததை வைத்து அமிலம் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அகலேசியாவில் உணவுக்குழாயின் உணர்வு மங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் நல்ல புண்ணோடு இருப்பவர், "ஒண்ணும் இல்லையே சிஸ்டர், நல்லா சாப்பிடுறேன்" என்பார். சிலர் எரிகிறது என்பார்கள், உள்ளே பார்த்தால் குழாய் சுத்தமாக இருக்கும்.

எனவே மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை எண்டோஸ்கோப்பி அல்லது 24 மணி நேர அமில அளவுப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு எண்டோஸ்கோப்பி, அதில் சுத்தமாக இருந்தால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரே சொல்வார். பாண்டோபிரசோல் வகை மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். காபி, டிபனெல்லாம் முடித்துவிட்டுப் போட்டால் பாதிப் பலன்தான்.

"மூணு வருஷம் நல்லா சாப்பிட்டாங்க. இப்ப மறுபடி அடைக்குது. நோய் திரும்பிடுச்சா? இன்னொரு போயம் பண்ணிடலாமா?"

இதற்கு ஒருவரின் கதையைச் சொன்னால்தான் புரியும். மன்னார்குடிப் பக்கத்து அம்மா, ஐம்பதைத் தொடும் வயது, டைப் 2. முதலில் வந்தபோது ஒவ்வொரு வேளையும் அடைப்பு, தினமும் எதுக்களிப்பு, எப்போதாவது நெஞ்சுவலி, ஏழு கிலோ குறைவு. எக்கார்ட் என்ற மதிப்பெண் முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை போடுவார்கள். அவருக்கு 3, 2, 1, 2, மொத்தம் 8. போயத்துக்குப் பிறகு அது 1 ஆகிவிட்டது. 3 வரை இருந்தாலே வெற்றி என்பது கணக்கு. மூன்றாம் மாத எண்டோஸ்கோப்பியில் மட்டும் லேசான அமிலப் புண் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எரிச்சல் இல்லாததால் சில மாதத்தில் அவர் அதை விட்டுவிட்டார், அடுத்த பரிசோதனைக்கும் வரவில்லை.

மூன்றாம் வருடம் மகன் அழைத்து வந்தார். "திரும்பிடுச்சு, மறுபடி போயம் பண்ணுங்க" என்றார். தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று கேட்டோம். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் தடையில்லாமல் போகிறது, இட்லியும் சப்பாத்தியும்தான் நிற்கிறது என்றார் அந்த அம்மா. முதல் கேள்வியில் நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான். எண்டோஸ்கோப்பியில் குழாயின் அடியில் புண்ணும், அது ஆறி ஆறிச் சுருங்கிய தழும்பு வளையமும் தெரிந்தன. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை. மானோமெட்ரியில் இறுக்குத் தசை நன்றாகத் தளர்ந்தே இருந்தது. அதாவது போயம் தோற்கவில்லை, அமிலம்தான் புதிதாக ஒரு அடைப்பை உண்டாக்கியிருந்தது. இன்னொரு முறை வெட்டியிருந்தால் அமிலம் இன்னும் கூடியிருக்கும். மாத்திரையை இரண்டு வேளையாக்கி, தழும்புக்கு உரிய சின்னப் பலூனால் 12, 15, 18 மில்லிமீட்டர் என்று வாரங்கள் இடைவெளி விட்டு விரித்தார்கள். 30 மில்லிமீட்டர் பலூன் தேவைப்படவில்லை.

நிலைமை நேர்மாறாகவும் இருக்கலாம். தண்ணீரும் அடைக்கிறது, எண்டோஸ்கோப்பியில் குழாய் சுத்தமாக இருக்கிறது, பேரியம் ஐந்து நிமிடத்திலும் உயரமாக நிற்கிறது, மானோமெட்ரியில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால் வெட்டு போதவில்லை அல்லது வெட்டிய இடம் மறுபடி ஒட்டிச் சேர்ந்துவிட்டது. ஹெல்லர் செய்தவர்களுக்குப் போர்வை இறுகியிருக்கவும் வாய்ப்புண்டு. "அடைக்குது" என்ற ஒரு சொல்லை வைத்து யாராவது நேரே அடுத்த சிகிச்சைக்குத் தேதி கொடுத்தால், பரிசோதனை செய்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு 36 வயசு, டைப் 2. உங்க தம்பியா இருந்தா எதைச் சொல்வீங்க?"

டாக்டரின் முடிவுதான் முடிவு. என் அபிப்பிராயம் கேட்டதால் சொல்கிறேன். டைப் 2-ல் எதைச் செய்தாலும் விழுங்குவது சரியாகும். ஆகவே முப்பது நாற்பது வருடம் கூடவே வரப்போகும் அமிலத்துக்கு அதிக மதிப்புக் கொடுப்பேன். வயதும் ஆண் என்பதும் பலூனுக்குக் கொஞ்சம் எதிராக இருக்கின்றன. என் தம்பியாக இருந்தால் டோர் போர்வையோடு ஹெல்லர் என்பேன். இறக்கம், அதாவது இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிக்கொள்ளும் ஹையாட்டஸ் ஹெர்னியா சேர்ந்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அதையும் அப்போதே தைத்துவிடலாம்.

அவருக்கு டைப் 3 என்றால் இந்தப் பேச்சே மாறும், போயம்தான். எந்த வகையானாலும், அதைத் தொடர்ந்து செய்துவரும் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னை, வேலூர் என்று போக வேண்டியிருந்தால் போகலாம். பிறகான எண்டோஸ்கோப்பியை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

"அப்பாவுக்கு 78 வயசு, ஹார்ட் வீக்கா இருக்கு. மயக்கமே கொடுக்க முடியாதுங்கறாங்க."

போடாக்ஸ் இவருக்காகத்தான் இருக்கிறது. முழு மயக்கம் தேவையில்லை, சில நிமிட வேலை, தேய்ந்ததும் மறுபடி போடலாம். தழும்பு விழுவது பற்றி மேலே சொன்ன கவலை, இனி அறுவை சிகிச்சைக்கே போகாதவருக்குப் பெரிதில்லை. வயதானவர்களுக்குப் பலூன் நன்றாகவே பலிக்கும், ஆனால் ஓட்டை விழுந்தால் அவசர ஆபரேஷனைத் தாங்க வேண்டும். தாங்க மாட்டார் என்றால் பலூனும் வேண்டாம்.

முதுமையில், சில மாதங்களுக்குள் திடீரென்று ஆரம்பித்து, எடையும் வேகமாகக் குறைந்திருந்தால், இரண்டாம் கேள்வியில் சொன்ன புற்றுநோய்ச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். சிடி ஸ்கேன் கேட்டால் எடுத்துவிடுங்கள்.

"ஒண்ணு பண்ணி சரியாகலேன்னா இன்னொண்ணு பண்ணலாமா?"

பண்ணலாம். பலூனுக்குப் பிறகு ஹெல்லரோ போயமோ, ஹெல்லருக்குப் பிறகு பலூனோ போயமோ நடப்பதுதான். போயம் செய்யும்போது பழைய வெட்டு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து வேறு பக்கம் வெட்டுவார்கள். போயத்துக்குப் பிறகு அமிலம் மாத்திரைக்கு அடங்காவிட்டால், பின்னால் தனியாக ஒரு போர்வைத் தையல் போடவும் முடியும். குழாய் பல வருடம் விரிந்து வளைந்துபோய் எதற்கும் பணியாத சிலருக்கு மட்டும் உணவுக்குழாயையே எடுக்க வேண்டி வரும்.

"தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொன்னாங்க. நாங்க பாயில படுக்கறவங்க."

ரெண்டு தலையணை வைப்பதால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. கட்டில் இருந்தால் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள், அரையடி உயரம் போதும். பாயில் படுப்பவர்கள் முதுகு முழுக்கத் தாங்கும் சரிவான மெத்தைத் துண்டு தைத்துக்கொள்ளலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து பத்து மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்பவர்களுக்கு, சாயங்காலமே முக்கியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சியோடு நிறுத்தச் சொல்கிறேன்.

குழைந்த சோறு, ரசம், மோர் எல்லாம் இறங்கும். கெட்டியான பரோட்டா, காய்ந்த சப்பாத்தி, நார் உள்ள இறைச்சி ஆகியவற்றை நன்றாக மென்று, இடையிடையே தண்ணீர் குடித்துச் சாப்பிட வேண்டும். எந்தச் சிகிச்சை செய்திருந்தாலும் இது பொருந்தும். காரணம் மூன்றாம் பதிலில் இருக்கிறது.

"வாழ்நாள் முழுக்க எண்டோஸ்கோப்பி எடுக்கணுமா? பின்னாடி கேன்சர் வருமா?"

அகலேசியா உள்ளவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. உணவு வருடக்கணக்கில் தேங்கி சவ்வை உறுத்துவது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. தனியாக, நீண்ட கால அமிலத்தால் சவ்வு மாறுவதும் உண்டு. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. நோய் தொடங்கிப் பத்து வருடம் கடந்தவர்களுக்குச் சில வருட இடைவெளியில் பார்ப்பது பலருடைய வழக்கம். போயம் செய்து புண் இருந்தவர்களை அதைவிடச் சீக்கிரமாகவே கூப்பிடுவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் பீடி பிடிக்கிறவர்களும் அந்த இடைவெளியை நீட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

வரும்போது பழைய மானோமெட்ரி ரிப்போர்ட், பேரியம் பிலிம், எந்தத் தேதியில் எந்தச் சிகிச்சை, எந்தப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர் வெட்டினார்கள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி, மூன்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்து வாருங்கள். அந்த முந்தாநாள் சோறு விஷயம் சிகிச்சைக்குப் பிறகான எண்டோஸ்கோப்பிக்கும் உண்டு. அடைப்பு திரும்பியிருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள், எப்போதிலிருந்து நீராகாரம் என்று நாங்கள் சொல்கிறோம்.